ஞாயிறு மதியம் இரண்டு மணி வரை நெஃப்ட் இல்லை

2021 மே மாதம் ரிசர்வ் வங்கி ஒரு சிறிய அறிவிப்பை வெளியிட்டது. 22ஆம் தேதி சனிக்கிழமை அலுவல் முடிந்தபின் நெஃப்ட் பணப் பரிமாற்ற அமைப்பில் தொழில்நுட்ப மேம்பாடு நடக்கும். ஆகவே 23ஆம் தேதி ஞாயிறு நள்ளிரவு 12.01 முதல் மதியம் 2 மணி வரை நெஃப்ட் கிடைக்காது. ஆர்டிஜிஎஸ் வழக்கம்போல் இயங்கும். அதற்கு முந்தைய மாதம், ஏப்ரல் 18ஆம் தேதி ஞாயிறன்று, ஆர்டிஜிஎஸ் அமைப்பை நள்ளிரவு முதல் மதியம் 2 மணி வரை இதேபோல நிறுத்தி மேம்படுத்தியிருந்தார்கள்.

கைப்பேசியில் பணம் அனுப்புகிறவர் இந்த அறிவிப்பைப் படித்துவிட்டு, "சரி, மூன்று மணிக்கு அனுப்பிக்கொள்ளலாம்" என்று போய்விடலாம். ஆனால் நெஃப்டை நம்பி இயங்குகிறவர்கள் மனிதர்கள் மட்டும் அல்ல. மணிக்கொரு முறை தானாக எழுந்து வங்கியிடம் "புதிதாகப் பணம் வந்திருக்கிறதா?" என்று கேட்டு, வந்ததைக் கணக்கில் ஏற்றும் நிரல்கள் நாடெங்கும் உண்டு. கல்லூரிக் கட்டணம், காப்பீட்டுத் தவணை, மொத்த வியாபாரியின் நிலுவை என்று பலதும் அவற்றின் வழியாகத்தான் வரவு வைக்கப்படுகின்றன. அவற்றுக்கு அறிவிப்பைப் படிக்கத் தெரியாது. யாராவது படித்துச் சொன்னால்தான் உண்டு.

எடுத்துக்காட்டுக்கு ஒரு தனியார் கல்லூரியின் கட்டணப் பிரிவை எண்ணிப் பார்ப்போம். கட்டணம் கட்டக் கடைசி நாள் மே 22. ஒவ்வொரு மணியும் பதினைந்தாம் நிமிடத்தில் நிரல் ஓடுகிறது. சர்வரில் அதற்கான வரி இது:

```
15 * * * * /opt/fees/pull_neft.sh
```

அது வங்கியிடம் கடந்த ஒரு மணி நேர நெஃப்ட் வரவுகளைக் கேட்டு வாங்கி, மாணவர் கணக்கில் ஏற்றுகிறது. ஞாயிறு காலை 6 மணிக்கு இன்னொரு நிரல் எழுந்து, பணம் கட்டாதவர்களுக்கு அபராதம் போட்டு, பெற்றோருக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. நெஃப்ட் மூடியிருக்கும் அதே நேரத்தில், வரவுப் பட்டியல் தரும் தன் சேவையும் இருக்காது என்று கல்லூரியின் வங்கி சொல்லியிருப்பதாக வைத்துக்கொள்வோம்.

யாரும் எதுவும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? மூடியிருக்கும் சேவை எப்படிப் பதில் சொல்கிறது என்பதைப் பொறுத்தது அது. ஒழுங்காக அமைத்த சேவையென்றால் 503 என்ற குறியீட்டைத் திருப்பி அனுப்பும். 'இப்போதைக்குச் சேவை இல்லை' என்று அதற்குப் பொருள். எவ்வளவு நேரம் கழித்து வரலாம் என்பதையும் `Retry-After` என்ற குறிப்பில் சொல்ல முடியும். நிரல் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு எச்சரிக்கை அனுப்பும். இரவு முழுக்க மணிக்கொரு எச்சரிக்கை வந்து பணியில் இருப்பவரின் தூக்கம் கெடும், அவ்வளவுதான். இதில் சேதம் குறைவு.

சேதம் இன்னொரு வகைப் பதிலில் இருக்கிறது. சில சேவைகள் மூடியிருக்கும்போதும் 'எல்லாம் சரி' என்னும் 200 குறியீட்டோடு ஒரு வெற்றுப் பட்டியலைக் கொடுத்துவிடும், அல்லது 'பராமரிப்பு நடக்கிறது' என்ற வலைப்பக்கத்தைக் கொடுக்கும். நிரல் அதில் வரவுகளைத் தேடும், ஒன்றும் இருக்காது, 'வரவு பூஜ்யம், வெற்றி' என்று எழுதிவிட்டுப் போய்விடும். யாரும் பணம் கட்டாததால் வந்த பூஜ்யமும், கேட்கவே முடியாததால் வந்த பூஜ்யமும் கணக்கில் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கும். ஆறு மணிக்கு அபராத நிரல் அந்தப் பூஜ்யத்தை நம்பி வேலையைத் தொடங்கும்.

பாதிக்கப்படுகிறவர் யார் என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஈரோட்டில் ஒரு தந்தை சனிக்கிழமை இரவு 11.20க்குக் கடைசி நாளிலேயே பணத்தை அனுப்பிவிடுகிறார். நெஃப்ட் அரைமணிக்கு ஒரு தொகுதியாக, நாளைக்கு 48 தொகுதிகளாகத் தீர்வு செய்யும் அமைப்பு. அவருடைய பணம் 11.30 தொகுதியில் சேர்ந்துவிடும். கல்லூரி நிரல் கடைசியாக ஓடியது 11.15க்கு. அடுத்து 12.15க்கு ஓடும்போது சேவை மூடியிருக்கிறது. உரிய நேரத்தில் பணம் கட்டியவருக்கு விடிந்ததும் அபராதச் செய்தி போகிறது. அவர்மேல் ஒரு தவறும் இல்லை.

இதைத் தவிர்க்க, அறிவிப்பு வந்த அன்றே சில வேலைகளை முடித்துவிட வேண்டும். முதலாவது, நேரத்தைச் சரியாகக் குறித்துக்கொள்வது. ரிசர்வ் வங்கி இந்திய நேரத்தில் சொல்லிவிடுகிறது. வெளிநாட்டு மென்பொருள் நிறுவனங்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் சொல்கின்றன. அவர்களின் 'சனி இரவு 8 முதல் 11 வரை' என்பது நமக்கு ஞாயிறு அதிகாலை 1.30 முதல் 4.30 வரை. ஐந்தரை மணி நேரம் கூடுவதோடு கிழமையும் மாறிவிடுகிறது. சனிக்கிழமை ஓட்டங்களை நிறுத்திவிட்டு ஞாயிறு ஓட்டங்களை அப்படியே விட்டுவிடும் பிழை இங்கேதான் பிறக்கிறது.

அடுத்து, அந்த நேரத்துக்குள் தொடங்கும் ஓட்டங்களை மட்டும் பார்த்தால் போதாது. இரவு 11.40க்குத் தொடங்கி 35 நிமிடம் எடுத்துக்கொள்ளும் மாதாந்திர அறிக்கை ஒன்று இருந்தால், அது பாதி வழியில் மாட்டிக்கொள்ளும். பாதியில் அறுந்த ஓட்டம் ஓடாத ஓட்டத்தைவிட மோசம், ஏனென்றால் பாதிக் கணக்கு ஏறியிருக்கும். அதை 10 மணிக்கு முன்னே நகர்த்திவிட வேண்டும்.

பலரும் செய்வது, ஓட்டத்தின் வரிக்கு முன்னால் ஒரு `#` போட்டு அதை முடக்கி வைப்பது. வேலை செய்யும், ஆனால் ஞாயிறு மதியம் அந்தக் குறியை எடுக்க ஒருவர் நினைவு வைத்திருக்க வேண்டும். மறந்தால் திங்களும் செவ்வாயும் நிரல் ஓடாது, எச்சரிக்கையும் வராது, ஏனென்றால் ஓடாத நிரல் தோற்காது. அதைவிட, பராமரிப்பு நேரங்களை ஒரு கோப்பில் எழுதிவைத்து, நிரல் ஒவ்வொரு முறையும் முதல் வேலையாக அதைப் பார்க்கும்படி செய்வது நல்லது:

```
2021-05-23T00:01+05:30 2021-05-23T14:00+05:30 neft
```

நேரம் முடிந்ததும் நிரல் தானாகவே வேலைக்குத் திரும்பிவிடும். வங்கி கெடுவை நீட்டினால் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும். ஓட்டத்துக்கு வெற்றி, தோல்வி என்ற இரண்டு முடிவுகளோடு மூன்றாவதாக ஒரு நிலையும் வேண்டும்: தவிர்த்தது. ஏர்ஃப்ளோ போன்ற கருவிகளில் இந்த நிலை முன்பே உண்டு. சாதாரண நிரலில் நாமே எழுதிக்கொள்ள வேண்டும்:

```
run=2021-05-23T00:15+05:30 status=SKIPPED
reason=neft_maintenance
covered_by=2021-05-23T15:15+05:30
```

கடைசி வரிதான் இதில் முக்கியமானது. தவிர்த்த ஓட்டத்தின் வேலையை எந்த ஓட்டம் ஏற்றுக்கொள்ளும் என்று அது சொல்கிறது. ஏன் 2.15 இல்லை, 3.15? பராமரிப்புகள் சொன்ன நேரத்தில் முடியாமல் நீள்வது வழக்கம். முடிந்த உடனே எல்லா நிறுவனங்களும் ஒரே நேரத்தில் மோதும். ஒரு மணி நேரம் விட்டுக்கொடுத்து, முதலில் ஒரு சிறு கேள்வி கேட்டு, சரியான பதில் வருகிறதா என்று பார்த்த பிறகு முழு ஓட்டத்தைத் தொடங்குவது பாதுகாப்பு. இதற்காகக் கோப்பில் முடிவு நேரத்தை 15:00 என்று எழுதிக்கொண்டாலும் சரிதான். ஆனால் அந்த நேரத்துக்குப் பின்னும் பதில் வராவிட்டால் அது தவிர்ப்பு இல்லை, தோல்வி. அப்போது எச்சரிக்கை போயாக வேண்டும். ஞாயிறு முழுக்க எச்சரிக்கையை அணைத்து வைப்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறவிடுகிறார்கள்.

இப்போது 3.15 ஓட்டம் தன் வழக்கப்படி 'கடந்த ஒரு மணி நேரம்' என்று கேட்டால் என்ன கிடைக்கும்? 2.15 முதல் 3.15 வரை வந்த வரவுகள் மட்டும். ஈரோட்டுத் தந்தையின் பணம் அதில் இருக்காது. மதியம் 2 மணிக்குச் சேவை திறந்தவுடன் கால் மணி நேரத்தில் வந்ததும் இருக்காது. தவிர்த்த ஓட்டங்களால் தகவல் தொலைந்துபோவது பெரும்பாலும் இப்படித்தான். ஆகவே நிரல் கடிகாரத்தைப் பார்த்துக் கேட்கக்கூடாது. கடைசியாக வெற்றிகரமாக எதுவரை எடுத்ததோ, அங்கிருந்து கேட்க வேண்டும். இங்கே அது சனி இரவு 11.15.

அதிலிருந்தும் கொஞ்சம் பின்னால் போவது இன்னும் நல்லது. தொகுதி தீர்வான இரண்டு மணி நேரத்துக்குள் பெறுநர் கணக்கில் வரவு வைத்தால் போதும் என்பது நெஃப்ட் விதி. தீர்வு நேரம், வரவு நேரம் இரண்டில் எதை வைத்து வங்கி பட்டியல் போடுகிறது என்பது நமக்குத் தெரியாமல் இருக்கலாம். இரவு 9.15 முதலே கேட்டுவிட்டால் அந்தச் சந்தேகம் தீரும். ஒரே பணம் இரண்டு முறை ஏறிவிடுமோ என்ற கவலை வேண்டாம். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனித்த யுடிஆர் எண் உண்டு. முன்பே ஏறிய எண் மறுபடி வந்தால் நிரல் அதைத் தள்ளிவிடும்.

அபராத நிரலுக்கும் சொல்லியாக வேண்டும். காலை 6 மணி என்பதை அது மறந்துவிட்டு, '3.15 ஓட்டம் வெற்றி' என்ற பதிவுக்காகக் காத்திருக்க வேண்டும். மூலத்தை நிறுத்திவிட்டு, மூலத்தை நம்பியிருப்பதை நிறுத்தாமல் விடுவது அரைகுறைத் திட்டம்.

இத்தனையும் கணினிக்குள் நடப்பவை. கணக்குப் பிரிவில் இருப்பவர் பதிவுக் கோப்பைத் திறந்து பார்க்கப்போவதில்லை. அவருக்குச் சனிக்கிழமையே போகவேண்டிய செய்தி ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"நாளை நள்ளிரவு 12.15 முதல் மதியம் 2.15 வரையிலான நெஃப்ட் ஓட்டங்கள் நடக்காது. ரிசர்வ் வங்கி அறிவித்த பராமரிப்பே காரணம். திரையில் தெரியும் வரவு சனி இரவு 11.15 வரைக்குமானது. விடுபட்டதை மதியம் 3.15 ஓட்டம் எடுக்கும். அதுவரை யாருக்கும் நிலுவை என்று சொல்ல வேண்டாம், சார்."

'சில ஓட்டங்கள் பாதிக்கப்படலாம்' என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் கிடைக்காது. எந்தத் தகவல் எதுவரைக்குமானது, அடுத்து எப்போது நம்பலாம், அதுவரை எதைச் செய்யக்கூடாது என்ற மூன்றும் இருந்தால்தான் கல்லூரிக்குத் தொலைபேசியில் அழைக்கும் பெற்றோருக்கு அவர் சரியான பதில் சொல்ல முடியும். கட்டண விவரம் காட்டும் திரையிலும் 'சனி இரவு 11.15 நிலவரப்படி' என்று ஒரு வரி போட்டுவிட்டால் அழைப்புகளே பாதியாகக் குறையும்.

3.15 ஓட்டம் முடிந்ததும் இரண்டாவது செய்தி போக வேண்டும்: இத்தனை வரவுகள் ஏறின, இத்தனை ஏற்கெனவே இருந்ததால் தள்ளப்பட்டன. எதுவும் விடுபடவில்லை என்று சொல்ல அது மட்டும் போதாது. வங்கிக் கணக்கின் சனிக்கிழமைத் தொடக்க இருப்போடு இரண்டு நாள் வரவைக் கூட்டி, பற்றைக் கழித்தால், ஞாயிறு இறுதி இருப்பு வர வேண்டும். திங்கள் காலை அறிக்கை கைக்கு வந்ததும் கணக்காளர் இதைச் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். தொகை பொருந்தாவிட்டால், பதிவுக் கோப்பில் `SKIPPED` என்ற வரிகளை எடுத்து, ஒவ்வொன்றின் `covered_by` நேரத்திலும் உண்மையிலேயே ஒரு வெற்றிகரமான ஓட்டம் நடந்ததா, அது எந்த நேரத்திலிருந்து கேட்டது என்று பார்க்கத் தொடங்க வேண்டும்.