85 அல்ல, 86.2

ஒரு பள்ளியின் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு எக்செல் தாளில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெயர், பதிவெண்ணை விட்டுவிட்டு, வாசகருக்கு வேண்டியதை மட்டும் அட்டவணையாக்குவோம்.

| பிரிவு | எழுதியோர் | தேர்ச்சி | சதவீதம் |
|---|---:|---:|---:|
| அ | 40 | 36 | 90.0 |
| ஆ | 25 | 20 | 80.0 |
| மொத்தம் | 65 | 56 | 86.2 |

கடைசி வரியில்தான் பலர் சறுக்குகிறார்கள். 90-ஐயும் 80-ஐயும் கூட்டிப் பாதியாக்கி 85 என்று போட்டுவிடுகிறார்கள். இரு பிரிவிலும் ஆள் எண்ணிக்கை ஒன்றல்லவே! 56-ஐ 65-ஆல் வகுக்க வேண்டும். வராத இருவரின் கட்டத்தில் 0 போட்டால் அவர்களும் தோற்றவர்களாகி, விகிதம் 83.6-க்கு இறங்கிவிடும்.

இனி பத்தி: “தேர்வு எழுதிய 65 பேரில் 56 பேர் (86.2%) தேர்ச்சி பெற்றனர், இருவர் வரவில்லை. தேர்ச்சியில் ஆ பிரிவைவிட அ பிரிவு 10 சதவீதப் புள்ளிகள் அதிகம்.” இங்கே ‘10 சதவீதம் அதிகம்’ என்று எழுதுவது பிழை, 80-இல் 10 சதவீதம் 8 மட்டுமே.