உதவித்தொகை ஒரு லட்சம், திரும்பி வருவது எவ்வளவு?

மதுரையில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஒரு மாணவிக்கு வியன்னாவில் நடக்கும் மாநாட்டில் கட்டுரை வாசிக்க வாய்ப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பயண உதவித்தொகையும் கிடைத்துவிட்டது. ஆணைக் கடிதத்தில் விமானக் கட்டணம் 70,000 ரூபாய் வரை, பதிவுக் கட்டணம் 30,000 ரூபாய் வரை என்று இருக்கிறது. வீட்டில் எல்லோரும் ஒரு லட்சம் என்றே பேசிக்கொள்வார்கள். ஆனால் அந்தக் கடிதத்தில் கவனிக்க வேண்டிய சொல் ‘வரை’.

மாணவி சாமர்த்தியமாகத் தேடி 62,000 ரூபாய்க்கு டிக்கெட் எடுக்கிறார். பதிவுக் கட்டணம் 34,000 ஆகிறது. மொத்தம் 96,000தானே, ஒரு லட்சத்துக்குள் அடங்கிவிட்டதே என்று தோன்றும். திரும்பி வருவதோ 92,000தான். ஒவ்வொரு இனத்திலும் செலவு, உச்சவரம்பு இரண்டில் எது குறைவோ அதைத்தான் தருவார்கள். டிக்கெட்டில் மிச்சம் பிடித்த 8,000 உதவித்தொகை தரும் அமைப்புக்கே போய்விடும். பதிவில் கூடிய 4,000 மாணவியின் தலையில் விழும். இனம் மாற்றிச் செலவிட அனுமதி உண்டா என்று பயணத்துக்கு முன்பே எழுதிக் கேட்டால் சில இடங்களில் ஒப்புக்கொள்வார்கள். போய் வந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

பதிவுக் கட்டணம் கூடுவதற்குப் பெரும்பாலும் தேதிதான் காரணம். முன்கூட்டிப் பதிவு செய்வோருக்கான சலுகை முடிந்த பிறகே பல உதவித்தொகைகளின் முடிவு வரும். காத்திருந்தால் கட்டணம் ஏறும். முந்திக்கொண்டு கட்டினாலோ, ஆணைத் தேதிக்கு முந்தைய செலவை ஏற்க மாட்டோம் என்று சில அமைப்புகள் கைவிரித்துவிடும். விதியில் இதற்கு விடை இல்லையென்றால், சலுகைக் கட்டணத்தைச் சில வாரம் நீட்டித்துத் தரும்படி மாநாட்டு அமைப்பாளருக்கு எழுதலாம். மாணவர்களுக்கு இதைச் செய்கிறவர்கள் உண்டு. ரசீதையும் பிரித்துக் கேட்டு வாங்க வேண்டும். விருந்து, ஊர் சுற்றல், சங்க உறுப்பினர் சந்தா எல்லாம் ஒரே தொகையாக இருந்தால் தணிக்கையில் நிற்கும். வெளிநாட்டுப் பணத்துக்குக் கார்டில் வங்கி பிடிக்கும் கூடுதல் தொகையும் அதன்மேல் ஜிஎஸ்டியும் ரசீதில் இருக்காது. அதற்கு வங்கிக் கணக்கு அறிக்கைதான் சான்று.

டிக்கெட்டை எங்கே எடுத்தோம் என்பதும் முக்கியம். மத்திய நிதியமைச்சகம் 2022இல் அரசு ஊழியர்களுக்காக ஓர் ஆணை வெளியிட்டது. பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி ஆகிய மூன்றில் ஒன்றின் வழியாகத்தான் விமான டிக்கெட் எடுக்க வேண்டும், முடிந்தவரை 21 நாள் முன்னதாக எடுக்க வேண்டும், இருப்பதில் குறைந்த கட்டணத்தைத் தேர்வு செய்ய வேண்டும் என்கிறது அது. அரசுப் பணத்தில் போகும் மாணவர்களுக்கும் பல நிறுவனங்கள் இதையே பொருத்துகின்றன. செல்போன் செயலியில் இரண்டாயிரம் குறைவாகக் கிடைத்த டிக்கெட், முழுத்தொகையும் மறுக்கப்படக் காரணமாகலாம். விநோதம்தான், ஆனால் பில்லைச் சரிபார்க்கும் எழுத்தர் ஆணையைப் பார்ப்பாரே தவிர மிச்சத்தைப் பார்க்க மாட்டார். மாநாடு முடிந்து நாலு நாள் பிராகாவுக்குப் போய் வர ஆசை இருந்தால், நேராகத் திரும்பினால் ஆகும் கட்டணத்தை டிக்கெட் எடுக்கும் அன்றே திரைப்படமாக எடுத்து வைப்பது நல்லது. பிறகு அந்தத் தேதியின் விலையை எங்கும் காட்ட முடியாது.

இதையெல்லாம் விட மாணவர்களை வாட்டுவது, முதலில் சொந்தக் கையிலிருந்து போட வேண்டும் என்பதுதான். 2023 ஜனவரி முதல் ஜேஆர்எஃப் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். டிக்கெட்டும் பதிவும் சேர்ந்த 96,000 என்பது இரண்டரை மாதத்துக்கு மேற்பட்ட வருமானம். தங்கும் செலவும் சாப்பாடும் இதில் சேரவில்லை. ஊர் திரும்பி, போர்டிங் பாஸ், பங்கேற்புச் சான்றிதழ், ரசீதுகள், நிதி அலுவலர் கையெழுத்திட்ட பயன்பாட்டுச் சான்றிதழ் எல்லாம் சேர்ந்த பிறகே கோப்பு நகரும். ஒரு தாள் குறைந்தாலும் அது திரும்பி வரும். போர்டிங் பாஸ் தொலைந்தால், பயணம் செய்ததற்கான சான்றை விமான நிறுவனத்திடம் கேட்கலாம். நாள் கடந்தால் அதுவும் சிரமம். ஆகவே புறப்படும் முன்பே நிறுவனத்திடம் முன்பணம் கேட்பது நல்லது. அது முடியாவிட்டால் பதிவுக் கட்டணத்தை மட்டுமாவது நேரடியாகக் கட்டச் சொல்லலாம்.

விசா மறுக்கப்பட்டுப் பயணமே நடக்காமல் போனால் ரத்துக் கட்டணத்தைப் பெரும்பாலான அமைப்புகள் ஏற்பதில்லை. விசா வரட்டும் என்று காத்திருந்தால் டிக்கெட் விலை உச்சவரம்பைத் தாண்டிவிடும். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு வர வழக்கமாக 15 நாள் ஆகும், சில சமயம் அதற்கு மேலும். விண்ணப்பத்தோடு டிக்கெட் முன்பதிவைக் காட்டினால் போதும், பணம் கட்டிய டிக்கெட் வேண்டியதில்லை. மாநாட்டு அழைப்புக் கடிதம் வந்த வாரமே விசா மையத்தில் நேரம் வாங்கிவிட்டால், 21 நாள் கெடுவுக்கு முன்பே விசா கையில் இருக்க வாய்ப்புண்டு.