மருந்தா, வைரஸா? ஒரு கிரியேட்டினினின் கதை

சிறுநீரக மருத்துவமனையில் காலை ஏழரை மணிக்கு ரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்களை எளிதில் கண்டுபிடித்துவிடலாம். சட்டைப் பையிலோ கைப்பையிலோ ஒரு சின்ன மாத்திரை டப்பா இருக்கும். அதைத் திறக்காமலே உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே போனதும் நர்ஸ் கேட்கும் முதல் கேள்வி, "டேக்ரோ போட்டுட்டீங்களாண்ணா?" என்பதுதான். "இல்லைம்மா, ரத்தம் குடுத்துட்டுத்தான் போடணும்" என்று சொன்னால்தான் ஊசி கைக்குப் போகும்.

டேக்ரோ என்று நோயாளிகள் செல்லமாகச் சொல்வது டேக்ரோலிமஸ் என்ற மாத்திரையை. 1984-இல் ஜப்பானின் சுகுபா மலையடிவாரத்து மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து கண்டெடுத்த மருந்து. அடுத்தவருடைய சிறுநீரகத்தை அந்நியன் என்று கண்டுகொண்டு தாக்கப் போகும் வெள்ளணுக்களை அது அடக்கிவைக்கிறது. அந்த அடக்குமுறை இல்லையென்றால் புதுச் சிறுநீரகம் நிலைக்காது. ஆனால் எந்தச் சிறுநீரகத்தைக் காக்கிறதோ, அளவு மிஞ்சினால் அதையே கெடுக்கவும் செய்யும். இன்னொரு பக்கம், அடக்குமுறை அதிகமானால் பல காலம் உறங்கிக்கிடந்த ஒரு வைரஸ் எழுந்துகொள்ளும். இந்த இரண்டு ஆபத்தும் முதலில் ஒரே முகத்தோடுதான் வருகின்றன: கிரியேட்டினின் ஏறும். எது எது என்று பிரித்தறிவதில்தான் மருத்துவரின் வேலை இருக்கிறது.

இதை ஓர் ஆளை வைத்தே சொல்கிறேன். எந்த ஒருவருடைய கேஸ் தாளும் இல்லை இது. இப்படி வருபவர்கள் பலரிடம் காண்பதை ஒருவர் மேல் ஏற்றிச் சொல்வது. நாற்பது வயதுத் தையல்காரர். மனைவி கொடுத்த சிறுநீரகம். ஆபரேஷன் முடிந்து ஏழு மாதம் ஆகிறது. கிரியேட்டினின் 1.2-இல் நின்றுகொண்டிருந்தது. காலை 3 மில்லிகிராம், இரவு 3 மில்லிகிராம் டேக்ரோ. அதோடு மைக்கோஃபீனலேட் என்ற இன்னொரு மாத்திரை, கொஞ்சம் ஸ்டீராய்டு. மாதாந்திரச் சோதனைக்கு வந்த நாளில் கிரியேட்டினின் 1.7. டேக்ரோ லெவல் 16.2.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்கும் தோன்றுவது, மருந்து மிஞ்சிவிட்டது, அதனால் சிறுநீரகம் அடிபடுகிறது என்பதுதான். ஏனென்றால் ஆறேழு மாதம் கடந்தவருக்கு டேக்ரோ லெவல் மில்லிலிட்டருக்கு 5 முதல் 8 அல்லது 10 நானோகிராமுக்குள் இருந்தால் போதும். முதல் சில மாதங்களில் அதைவிடச் சற்று மேலே வைப்பார்கள். 16 என்பது அதிகம்தான். டூட்டி டாக்டர் மாத்திரையை 2, 2 என்று குறைத்தார். குறைத்ததில் தவறு சொல்ல முடியாது. ஆனால் ஒரு கேள்வி கேட்கப்படாமல் போய்விட்டது.

தையல்காரர் ஊர் தள்ளியிருக்கிறது. அன்று விடியற்காலையிலேயே பஸ் ஏறியிருந்தார். வழியில் மனைவி, "வெறும் வயித்தோட போகாதீங்க" என்று இட்லியையும் நினைவாக மாத்திரையையும் கொடுத்துவிட்டார். ஏழரை மணிக்கு மாத்திரை போட்டார். ஒன்பதரைக்கு ரத்தம் எடுத்தார்கள். நர்ஸ் அன்று கேட்கவும் மறந்துவிட்டார், கூட்டம் அப்படி.

டேக்ரோ குடலில் உறிஞ்சப்பட்டு, போட்ட ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் ரத்தத்தில் உச்சத்தைத் தொடுகிறது. பிறகு இறங்கி, அடுத்த வேளை மாத்திரைக்குச் சற்று முன் அடிமட்டத்தில் நிற்கிறது. 5 முதல் 10 என்று சொல்வதெல்லாம் அந்த அடிமட்ட அளவை வைத்துத்தான். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போடுபவருக்கு, முந்தைய இரவு மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் எடுத்த ரத்தம்தான் ஒப்பிடத் தக்கது. உச்சத்தில் எடுத்ததை அடிமட்ட அளவுகோலில் வைத்துப் பார்த்தால், மருந்து மிஞ்சாதவருக்கும் மிஞ்சியதுபோலத் தெரியும். குறிப்பிட்ட நேரத்தில் மாத்திரை போட்டோமா, ரத்தம் எடுத்த நேரம் என்ன என்று இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கும் நோயாளி மருத்துவருக்குப் பெரிய உதவி செய்கிறார்.

உண்மையிலேயே லெவல் ஏறுவதும் உண்டு. கல்லீரலிலும் குடலிலும் டேக்ரோவைச் சிதைக்கும் ஒரு நொதியை வேறு மருந்துகள் தடுத்துவிடும். பூஞ்சைக்கான ஃபுளூக்கோனசோல், தொண்டைக்காகப் பக்கத்து மெடிக்கலில் வாங்கும் கிளாரித்ரோமைசின், ரத்த அழுத்தத்துக்கான டில்டியாசெம் எல்லாம் இந்த வகை. பம்ப்ளிமாஸ் பழமும்கூட. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் எதிர்த்திசையில் வேலை செய்யும். லெவலைச் சரசரவென்று கீழே இழுத்துவிடும். வயிற்றுப்போக்கு இருந்தால் லெவல் குறையும் என்றுதான் நினைப்போம். நடப்பது நேர்மாறு. புண்பட்ட குடலால் அந்த மருந்தை வழக்கம்போலச் சிதைக்க முடியாமல் அதிகமாக உள்ளே விட்டுவிடுகிறது. அதனால் நாலு நாள் பேதியானால் தாமதிக்காமல் லெவல் பார்க்கச் சொல்வோம்.

லெவல் மிஞ்சும்போது சிறுநீரகத்துக்குள் என்ன நடக்கிறது? வடிகட்டும் ஒவ்வொரு சின்னக் குஞ்சத்துக்கும் ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய் இறுகிச் சுருங்குகிறது. ரத்தம் வருவது குறைந்தால் வடிகட்டுவதும் குறைகிறது. கிரியேட்டினின் ஏறுகிறது. கை நடுக்கம், பொட்டாசியம் ஏறுவது, மெக்னீசியம் இறங்குவது, சர்க்கரை ஏறுவது ஆகியவை கூடவே வரலாம். இந்த வகைக்கு ஒரு நல்ல குணம் உண்டு: மருந்தைக் குறைத்தால் குழாய் தளரும், சில நாட்களில் கிரியேட்டினின் திரும்பிவிடும். வருடக்கணக்கில் நடக்கும் இன்னொரு வகை வேறு. நுண்குழாய்ச் சுவரில் கண்ணாடிபோல் பளபளக்கும் படிவம் சேர்ந்து, சிறுநீரகத் திசுவில் பட்டை பட்டையாகத் தழும்பு விழுகிறது. அது திரும்பாது. லெவல் அளவுக்குள் இருந்தபோதும்கூட வரலாம் என்பதுதான் அதன் கொடுமை.

தையல்காரருக்கு ஒரு வாரம் கழித்து முறையாக, மாத்திரைக்கு முன் ரத்தம் எடுத்தார்கள். லெவல் 6.1. மருந்து குறைந்துவிட்டது. ஆனால் கிரியேட்டினின் 1.9. மருந்துதான் காரணம் என்றால் இது இறங்கியிருக்க வேண்டும். ஏறியிருக்கிறது. இரண்டு கை விரல்களை நீட்டச் சொன்னார் டாக்டர், நடுக்கம் இல்லை. ஊசிக்கு நூல் கோர்ப்பதில் சிரமம் இல்லை என்றார் அவரும். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, சிறுநீர் வழக்கம்போலப் போகிறது.

இப்போது இரண்டு சந்தேகம். உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கத் தொடங்கியிருக்கலாம். அல்லது பி.கே. வைரஸ். இரண்டுக்கும் மருந்து எதிரெதிர்: நிராகரிப்புக்கு அடக்குமுறையைக் கூட்ட வேண்டும், வைரஸுக்குக் குறைக்க வேண்டும். தவறாகக் கணித்தால் நோயை நாமே வளர்த்ததாகிவிடும்.

இந்த வைரஸ் பாலியோமா குடும்பத்தைச் சேர்ந்தது. 1971-இல் லண்டனில், சூடான் நாட்டைச் சேர்ந்த சிறுநீரக மாற்று நோயாளி ஒருவரின் சிறுநீரில் சில்வியா கார்டனரும் கூட்டாளிகளும் இதைக் கண்டார்கள். அந்த நோயாளியின் பெயரின் முதலெழுத்துகள்தான் பி.கே. நம்மில் பெரும்பாலோருக்குக் குழந்தைப் பருவத்திலேயே இது வந்து போயிருக்கிறது. போயிருக்கிறது என்பதுகூடச் சரியில்லை. சிறுநீரகத்திலும் சிறுநீர்ப் பாதையிலும் ஒதுங்கி உறங்குகிறது. நோய் எதிர்ப்பு விழிப்போடு இருக்கும்வரை எந்தத் தொந்தரவும் இல்லை. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கோ பெரும்பாலும் தானமாக வந்த அந்தச் சிறுநீரகத்தோடேயே வைரஸும் வந்துசேர்கிறது. காவலர்களின் கையை மருந்தால் கட்டியிருக்கிறோம். அது பெருகி, சிறுநீரகக் குழாய்களின் உட்சுவர் செல்களைக் கிழித்து வெளியே வருகிறது.

அதன் போக்கில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் சிறுநீரில் தெரியும், பல வாரம் கழித்து ரத்தத்தில் தெரியும், அதற்கும் பிறகே திசு கெடும். சிறுநீரோடு நின்றுவிடுபவர்களும் நிறைய. அதனால் ரத்த பிளாஸ்மாவில் பி.சி.ஆர். முறையில் வைரஸைப் பார்ப்பதே நம்பகமான எச்சரிக்கை. மாற்று முடிந்த முதல் ஒன்பது மாதம் மாதம் ஒருமுறை, அதன்பின் இரண்டு வருடம்வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது இன்றைய பரிந்துரை. கிரியேட்டினின் ஏறிய பிறகு பார்ப்பது தாமதம். தையல்காரர் ஐந்தாம், ஆறாம் மாதப் பி.சி.ஆர். சோதனையைக் காசு இல்லையென்று தள்ளிப்போட்டிருந்தார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தையல் மெஷினை மிதித்தால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும்.

இப்போது எடுத்ததில் மில்லிலிட்டருக்கு 42,000 பிரதிகள். 10,000 தாண்டினாலே சிறுநீரகத் திசு பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொள்வார்கள். கிரியேட்டினினும் ஏறியிருப்பதால் பயாப்ஸி செய்தார்கள். இங்கேதான் தவறு நேர இடமுண்டு. நுண்ணோக்கியில் குழாய்களைச் சூழ்ந்து அழற்சி செல்கள் கூடியிருக்கும். பார்க்க அச்சாக நிராகரிப்புபோலவே இருக்கும். அவசரப்பட்டு ஸ்டீராய்டு ஊசி மூன்று நாள் போட்டால் வைரஸுக்கு விருந்து வைத்ததுபோல. ஆகவே எஸ்.வி.40 என்ற சாயச் சோதனை செய்வார்கள். வைரஸ் பிடித்த செல்களின் உட்கரு பழுப்பாக நிறம் பிடிக்கும். அது தெரிந்தால் வழக்கு முடிந்தது. தெரியவில்லை என்றால் முழுக்க நிம்மதி கிடையாது, ஏனென்றால் வைரஸ் திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும். அதனால் இரண்டு துண்டுகளும், அவற்றில் உள்பக்கத் திசுவும் கிடைக்கும்படி எடுப்பார்கள். தையல்காரருக்கு உட்கரு பழுப்பாகவே இருந்தது.

வைரஸைக் கொல்ல நிரூபணமான மாத்திரை இன்றைக்கு இல்லை. கைவசம் இருக்கும் ஒரே உறுதியான வழி, காவலர்களின் கட்டைக் கொஞ்சம் தளர்த்துவது. மைக்கோஃபீனலேட்டைப் பாதியாக்கினார்கள். டேக்ரோவை 2, 2 என்றே விட்டு, லெவல் 4 முதல் 6-க்குள் நிற்கிறதா என்று பார்த்தார்கள். ஸ்டீராய்டு மாறவில்லை. பி.சி.ஆர். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, கிரியேட்டினின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

முதல் மூன்று வாரத்தில் 42,000 அப்படியே நின்றது. இந்த இடத்தில்தான் நோயாளியும் வீட்டாரும் பதறுவார்கள். எதிர்ப்பு செல்கள் மீண்டும் தயாராகி வைரஸை அடக்க வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள் ஆகும். ஆறாம் வாரம் 19,000. பத்தாம் வாரம் 3,000. ஐந்தாம் மாதம் கண்டறியும் அளவுக்குக் கீழே. கிரியேட்டினின் 1.9-இலிருந்து இறங்கி 1.5-இல் நின்றது. 1.2-க்குத் திரும்பவில்லை. கிழிந்த இடம் ஆறினாலும் தழும்பு விழுந்துவிட்டது.

வைரஸ் போனதும் மருந்தைப் பழையபடி கூட்டவில்லை. குறைத்த அளவிலேயே வைத்து, கிரியேட்டினினைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். இனி அது ஏறினால், வைரஸ் இல்லை என்று உறுதியாகும் பட்சத்தில், நிராகரிப்பைத் தேடி மறுபடி பயாப்ஸி. தையல்காரர் இப்போது பஸ்ஸில் இட்லியை மட்டும் சாப்பிடுகிறார். மாத்திரை டப்பா சட்டைப் பையில் இருக்கும். கூடவே முந்தைய இரவு மாத்திரை போட்ட மணியை எழுதிய ஒரு துண்டுச் சீட்டும்.