அடுத்த அடியைத் தேடும் உடல்

'ஃபார் ஹானர்' என்ற வாள்சண்டை கேமில் ஒரு வீரன் நேராக ஓடிக்கொண்டிருக்கிறான். ஆடுபவர் ஸ்டிக்கைச் சட்டென்று இடப்பக்கம் தள்ளுகிறார். அந்த நொடியில் வீரனின் வலது கால் தரையில் ஊன்றியிருக்கிறது. இடது கால் காற்றில் இருக்கிறது. இனி அவன் உடல் எப்படித் திரும்ப வேண்டும்?

முன்பெல்லாம் நடை, ஓட்டம், திருப்பம் என்று அசைவுகளைத் துண்டு துண்டாக நறுக்கி, எதிலிருந்து எதற்குத் தாவலாம் என்று அனிமேட்டர்கள் கையாலேயே முடிச்சுப் போட்டு வைப்பார்கள். துண்டுகள் பெருகப் பெருக அந்த முடிச்சுகளை யாராலும் அவிழ்க்க முடியாது. 2017இல் வெளியான இந்த கேமை உருவாக்கிய யூபிசாஃப்ட் மான்ட்ரியல் குழு வேறு வழியில் போனது. அதை அக்குழுவின் சைமன் கிளாவே 2016இலேயே கேம் உருவாக்குநர் மாநாட்டில் விளக்கினார். அதன் பெயர்தான் மோஷன் மேட்சிங்.

உடலெங்கும் குறிகள் ஒட்டிய உடுப்பில் ஒரு நடிகர் நடந்து, ஓடி, நின்று, திரும்புவதை கேமராக்கள் பதிவு செய்கின்றன. அதை நறுக்காமல் அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். பத்து நிமிடப் பதிவில் நொடிக்கு 30 நிலை என்று வைத்தாலே 18,000 உடல்நிலைகள் கிடைத்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு குறிப்பு உண்டு: பாதங்கள் எங்கே, என்ன வேகத்தில், இடுப்பின் வேகம் என்ன, அடுத்த ஒரு நொடிக்குள் நடிகர் எந்தப் பாதையில் போனார்.

இப்போது நம் வீரனுக்கும் அதே குறிப்பை எழுதுகிறது நிரல். பாதங்களும் இடுப்பும் இப்போதைய உடலிலிருந்து வரும். பாதை ஸ்டிக்கிலிருந்து வரும். பிறகு களஞ்சியம் முழுவதையும் தேடி, வித்தியாசம் மிகக் குறைந்த நிலையை எடுக்கிறது.

ஒரு நிலையில் பாதை ஏறக்குறைய அப்படியே பொருந்துகிறது, வித்தியாசம் 0.2 தான். ஆனால் அதில் ஊன்றியிருப்பது இடது கால், அதனால் உடல் வித்தியாசம் 1.5. கூட்டினால் 1.7. இன்னொன்றில் பாதை வித்தியாசம் 0.5, ஆனால் வலது காலே ஊன்றியிருப்பதால் உடல் வித்தியாசம் 0.4. மொத்தம் 0.9. இரண்டாவதுதான் தேர்வாகும். மிச்சமிருக்கும் சின்ன விலகலைக் கண்ணுக்குத் தெரியாமல் சில ஃபிரேம்களில் கரைத்துவிடுவார்கள். அங்கிருந்து பதிவு தானாக ஓடும். நொடிக்குப் பத்து முறை போல மறுபடி தேடிப் பார்ப்பார்கள்.

பாதைக்கும் உடலுக்கும் எவ்வளவு எடை கொடுப்பது என்பதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. பாதைக்கு எடை கூடினால் ஸ்டிக் சொன்னபடி வீரன் உடனே திரும்புவான். ஆனால் ஊன்றிய பாதம் பனிக்கட்டியில் போல வழுக்கும். உடலுக்கு எடை கூடினால் அசைவு அழகாக இருக்கும். வீரனோ சொன்னதைக் கேட்கத் தாமதிப்பான். முதல் கோளாறைக் கண்டுபிடிக்கப் பாதத்தை மட்டும் பார்த்தால் போதும். இரண்டாவதை ஸ்டிக் பிடித்த கைதான் உணரும்.

எடையைச் சரிசெய்து தீராத குறையும் ஒன்று உண்டு. ஓட்டத்தில் சட்டென்று இடப்பக்கம் திரும்பும் அசைவை நடிகர் செய்தே இருக்காவிட்டால், நிரல் அதைக் கற்பனை செய்யாது. கிடைத்ததில் கிட்டத்தட்டப் பொருந்தும் ஒன்றை எடுத்து, வீரனைப் பெரிய வளைவில் சுற்றவிடும். வலப்பக்கத் திருப்பம் பதிவில் இருந்தால் கண்ணாடி பிம்பம்போல் புரட்டிப் பயன்படுத்தலாம். அதுவும் இல்லையென்றால் நடிகரை மறுபடி உடுப்பு மாட்டச் சொல்ல வேண்டியதுதான்.