பூனைக்குட்டியின் நாக்கும் ஒரு முழ நூலும்

ஜுருவில் ஒரு தாமான் வீட்டின் குப்பைக்கூடையை மாலையில் பார்த்தால் பல வகைக் கயிறுகள் கிடக்கும். தே தாரிக் கட்டி வாங்கிவந்த பிளாஸ்டிக் பையின் ரஃபியா கயிறு, மீன் கறிப் பொட்டலத்தைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம், சாமி படத்திலிருந்து இறக்கிய பூச்சரத்தின் நூல். தையல் எந்திரம் உள்ள வீடு என்றால் வெட்டிப் போட்ட நூல் துண்டுகளும் சேர்ந்துகொள்ளும். புதிதாக வந்த பூனைக்குட்டிக்கு இவை எல்லாமே ஓடிப் பிடிக்க வேண்டிய இரை. அதிலும் மீன் வாசம் ஏறிய கயிறு என்றால் விளையாட்டு பாதியிலேயே தின்பதாக மாறிவிடும்.

வீட்டில் குட்டிக்கு வரும் ஆபத்துகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. குட்டியின் உடல் எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் ஆபத்து எங்கே இருக்கும் என்பது தானாகவே விளங்கும். அதன் நாக்கு, அதன் பல், கதகதப்பைத் தேடும் அதன் தோல் ஆகிய மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

துப்பத் தெரியாத நாக்கு

பூனை நம் கையை நக்கினால் சொரசொரப்பாக இருக்கும். அந்தச் சொரசொரப்புக்குக் காரணம் நாக்கின் மேல் வரிசை வரிசையாக நிற்கும் சிறு முட்கள். நம் நகம் எதனால் ஆனதோ, அதே கெரட்டினால் ஆனவை அவை. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அலெக்சிஸ் நோயல், டேவிட் ஹூ இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், இந்த முட்களின் நுனி குழிவாக இருப்பதையும், அந்தக் குழியில் எச்சிலை ஏந்தி உரோமத்தின் அடிவரை பூனை கொண்டுசேர்ப்பதையும் காட்டினார்கள். உரோமத்தைச் சுத்தம் செய்ய இது அருமையான கருவி.

ஆனால் எல்லா முட்களும் தொண்டையை நோக்கியே வளைந்திருக்கின்றன. நூலின் ஒரு முனை நாக்கில் பட்டுவிட்டால், நாக்கின் ஒவ்வொரு அசைவும் அதை உள்ளேதான் தள்ளும். நம்மைப் போல் பூனையால் அதை வெளியே துழாவித் துப்ப முடியாது. விழுங்குவது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வழி.

ஒரு முழ நூல் குடலில் செய்யும் வேலை

நான்கு மாதக் குட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். தீபாவளிக்கு ரவிக்கை தைத்த அன்று இரவு, மேசையடியில் கிடந்த பாலியஸ்டர் நூலை ஒரு முழ அளவுக்கு விழுங்கிவிட்டது. நூலின் நடுப்பகுதி நாக்கின் அடியில் சுற்றி மாட்டிக்கொள்ள, இரண்டு முனைகளும் தொண்டை வழியாக இறங்குகின்றன. பூனைகளில் நூல் மாட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் இதுதான். நாய்களில் அது இரைப்பையின் வாயிலில் மாட்டுவதே அதிகம். பூனையிலும் சில வேளைகளில் அங்கே மாட்டுவதுண்டு.

குடலின் வேலை, உள்ளே வந்ததைச் சுருங்கிச் சுருங்கிக் கீழே தள்ளுவது. இங்கே நூலின் மேல்முனை நகராமல் நிற்கிறது. நூல் கீழே வராததால் குடல் அதன் மேல் ஏறத் தொடங்குகிறது. பாவாடை நாடாவை இழுத்தால் துணி கொசுவிக்கொள்வது போல, குடல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கிப்போகிறது. இழுத்து நிற்கும் நூல் ஒவ்வொரு மடிப்பின் உள்வளைவிலும் அழுந்துகிறது. குடல் அசையும்போதெல்லாம் அந்த நூல் அதே இடத்தை அறுக்கிறது. நாளாக ஆகக் குடலில் பல ஓட்டைகள் விழலாம். அவற்றின் வழியே கழிவு வயிற்றறைக்குள் கசிந்தால் கடும் கிருமித் தொற்று ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகும். வழவழப்பான ஒரு பொத்தான் குட்டியின் குடலைக் கடந்து வெளியேறிவிட வாய்ப்புண்டு. மெல்லிய நூல் அதைவிடக் கொடியதாக இருப்பது இதனால்தான்.

முதல் சில மணி நேரம் குட்டி வழக்கம்போல ஓடியாடும். பிறகு வாந்தி தொடங்கும். முதலில் உணவு, அப்புறம் நுரையும் மஞ்சள் நீரும். சாப்பாட்டை முகர்ந்துவிட்டு விலகிப்போகும். உடலைக் குறுக்கிக்கொண்டு கட்டிலடியில் பதுங்கும். வயிற்றைத் தொட்டால் முனகும். வாந்தி என்றதும் உரோம உருண்டையாக இருக்கும் என்று பலரும் காத்திருப்பார்கள். ஆனால் குட்டிக்கு உரோமம் குறைவு, உரோம உருண்டையும் அரிது. ஒரே நாளில் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்துச் சாப்பிடவும் மறுக்கும் குட்டியை மறுநாள் வரை வைத்துப் பார்க்கக் கூடாது. சிறிய உடல் என்பதால் நீர்ச்சத்தும் இரத்தச் சர்க்கரையும் வேகமாக இறங்கிவிடும்.

இழுக்காதீர்கள்

வாயிலோ ஆசனவாயிலோ நூலின் முனை தெரிந்தால் கை தானாக அதை இழுக்கப் போகும். அதுதான் மிகப் பெரிய தவறு. மறுமுனை எங்கே மாட்டியிருக்கிறது என்று நமக்குத் தெரியாது. இழுக்கும்போது கொசுவிய குடல் இன்னும் இறுகும், நூல் இன்னும் ஆழமாக அறுக்கும். நூலோடு ஊசியும் போயிருந்தால் அது தொண்டையில் குத்தி நிற்கும். எண்ணெய் கொடுப்பது, உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது போன்ற கைவைத்தியங்களும் வேண்டாம்.

ஆசனவாயில் நூல் நீளமாகத் தொங்கினால், குட்டி அதை மிதித்தோ நக்கியோ இழுக்காதபடி கொஞ்சம் விட்டு வெட்டிவிட்டு உடனே கிளினிக்குக் கொண்டுபோகலாம். வாயில் தெரியும் நூலை வெட்ட வேண்டாம். அதை எப்போது வெட்டுவது என்பதைக் கால்நடை மருத்துவர் முடிவு செய்யட்டும். மருத்துவர் முதலில் கீழ்த்தாடையின் அடியிலிருந்து விரலால் மெல்ல அழுத்தி நாக்கைத் தூக்கி அடிப்பகுதியைப் பார்ப்பார். எக்ஸ்ரேயில் நூல் தெரியாது. கொத்தாகக் கூடிப்போன குடலும், அதில் ஒழுங்கற்ற வடிவில் சிக்கிய காற்றுக் குமிழ்களும்தான் துப்புக் கொடுக்கும். அல்ட்ராசவுண்டில் குடலின் மடிப்புகள் நேராகவே தெரியும். பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் வழி. ஒரே இடத்தில் திறந்து நூலை உருவ முடியாமல் குடலைப் பல இடங்களில் திறக்கவும் நேரலாம். சீக்கிரம் போனால் ஓட்டை விழுவதற்குள் நூலை எடுத்துவிட முடியும்.

தடுப்பது இதைவிட எத்தனையோ எளிது. தைத்து முடித்ததும் நூல்கண்டு, பாபின், ஊசி எல்லாம் மூடியுள்ள டப்பாவுக்குள் போக வேண்டும். பாபினை எந்திரத்திலேயே நூலோடு விட்டுவைக்க வேண்டாம். ரஃபியா கயிறும் ரப்பர் வளையமும் பூச்சர நூலும் மூடிபோட்ட குப்பைத்தொட்டிக்குள் போகட்டும். நூல் கட்டிய கோலோடு குட்டியை விளையாட வைப்பது நல்லதுதான். விளையாட்டு முடிந்ததும் அதை அலமாரிக்குள் பூட்டிவையுங்கள்.

பல் முளைக்கும் மாதங்கள்

ஏறத்தாழ மூன்றரை மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை குட்டியின் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். ஈறு குறுகுறுப்பதால் கைக்குக் கிடைத்ததையெல்லாம் கடிக்கும் காலம் இது. மின்விசிறி, குளிர்பெட்டி ஆகியவற்றின் கம்பிகள் தரையோடு ஓடுவதால் குட்டியின் வாய்க்கு நேராகவே இருக்கும்.

நம் வீட்டு மின்பெட்டியில் கசிவு மின்னோட்டத்தைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம் இருக்கிறது. அது மின்சாரம் தரைக்குக் கசிந்தால்தான் உணரும். குட்டி ஒரு கம்பியின் இரண்டு இழைகளையும் சேர்த்துக் கடித்தால் மின்சாரம் ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்கு வாய்க்குள்ளேயே பாய்ந்துவிடும். தரைக்கு எதுவும் போகாததால் சாதனம் துண்டிக்காமல் இருந்துவிடலாம். அதை நம்பிக் கம்பியைத் தரையில் விடக் கூடாது.

மலேசிய வீடுகளின் சுவர்ப் பிளக்குகளில் தனித்தனி சுவிட்ச் இருப்பது நமக்கு வசதி. வேலை முடிந்ததும் சுவிட்சை அணைத்துவிட்டால் கம்பியில் உயிர் இருக்காது. எப்போதும் ஓடும் குளிர்பெட்டிக் கம்பியைப் பிளாஸ்டிக் உறைக்குள் செலுத்திச் சுவரோடு ஒட்டிவிடலாம். மின்சாரம் தாக்கினால் முதலில் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் குட்டியைத் தொட வேண்டும். உதட்டிலோ நாக்கிலோ வெளுத்த தீப்புண் மட்டுமே தெரிந்தாலும் மருத்துவரிடம் போயே ஆகவேண்டும். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்து, ஒரு நாள் கடந்துகூட வெளிப்படலாம். மூச்சு வேகமாவதும் வாயைத் திறந்து மூச்சு விடுவதும் அதன் அறிகுறி.

சன்னல் திரையின் இழுகயிறு வளையமாகத் தொங்கினால் குட்டியின் கழுத்து மாட்டிக்கொள்ளும். வளையத்தை வெட்டி இரண்டு தனிக் கயிறாக்கி, உயரத்தில் ஒரு கொக்கியில் சுற்றிவைத்தால் அந்தப் பயம் தீர்ந்தது.

கதகதப்பைத் தேடும் உடல்

மனிதருக்கு 30 பாகை செல்சியஸ் புழுக்கம். பூனையின் உடல் சிரமமின்றிச் சூட்டைக் காத்துக்கொள்ளும் வெப்பநிலையோ ஏறத்தாழ 30 முதல் 38 பாகை வரை. ஏர்கண்டிஷன் ஓடும் அறையும் ஓடு பதித்த தரையும் அதற்குக் குளிர்ச்சி. அதனால்தான் துணி எடுத்து முடித்த டிரையரும் இன்னும் சூடு ஆறாத வாஷிங் மெஷினும் அதை அழைக்கின்றன. உள்ளே இருட்டு, மென்மையான துணி, வீட்டார் வாசம். குட்டி தூங்குவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

டிரையரின் கொடுமையை மலேசியா மறந்திருக்க முடியாது. 2018 செப்டம்பரில் சிலாங்கூர் கோம்பாக்கில் ஒரு தானியங்கிச் சலவைக் கடையில் சினைப் பூனையை டிரையருக்குள் போட்டுக் கொன்றார்கள். அடுத்த ஆண்டு அவர்களில் ஒருவருக்கு 34 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அது திட்டமிட்ட கொடுமை. வீட்டில் நடப்பது விபத்து. ஆனால் உள்ளே மாட்டிய உடலுக்கு நேர்வது ஒன்றுதான்: சூட்டைத் தணிக்க வழியில்லாமல், சுழலும் தொட்டியில் மோதி அடிபடுவது. 38 முதல் 39 பாகை வரை இருக்க வேண்டிய பூனையின் உடல் 41 பாகையைத் தாண்டினாலே உறுப்புகள் பழுதடையத் தொடங்கும். வாஷிங் மெஷின் என்றால் நீர் நுரையீரலுக்குள் போகும், சோப்புத்தூள் கண்ணையும் வாயையும் புண்ணாக்கும்.

துணி போடும்போது தொட்டியைப் பார்ப்பது மட்டும் போதாது. நீங்கள் அடுத்த கூடையை எடுக்கத் திரும்பிய நேரத்தில் குட்டி துணிக்குள் புகுந்துவிடும். ஆகவே ஒழுங்கை மாற்றுங்கள். துணியெல்லாம் போட்டபின் கையை உள்ளே விட்டு அடிவரை துழாவுங்கள், உடனே கதவை மூடுங்கள், குட்டி எங்கே என்று கண்ணால் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். பூஞ்சை பிடிக்காமலிருக்கக் கதவைத் திறந்துபோட வேண்டுமானால், ரப்பர் விளிம்பைத் துடைத்துவிட்டுக் குட்டி நுழைய முடியாத அளவுக்குச் சிறு இடைவெளி மட்டும் விட்டுக் கதவைக் கட்டிவையுங்கள். மேலே திறக்கும் மெஷினின் மூடியும் எப்போதும் மூடியே இருக்கட்டும்.

குட்டி உள்ளே மாட்டிவிட்டால் நிறுத்தி எடுத்து, டிரையர்ச் சூடு என்றால் சாதாரணக் குழாய் நீரால் நனைத்து விசிறுங்கள். பனிக்கட்டி வேண்டாம். கழுவும் மெஷின் என்றால் துடைத்துப் போர்த்துங்கள். நடந்து மியாவ் என்றாலும் நேரே கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். எக்ஸ்ரேயும் அறுவை வசதியும் உள்ள, இரவில் திறந்திருக்கும் கிளினிக் புக்கிட் மெர்தாஜாம் பக்கமா, பட்டர்வொர்த்தா, பாலம் கடந்து தீவிலா என்பதைக் குட்டி வீட்டுக்கு வந்த வாரத்திலேயே விசாரித்து எண்ணைக் குளிர்பெட்டியில் ஒட்டிவையுங்கள். குட்டிக்கு ஒரு வயதானதும் கம்பி கடிப்பது பெரும்பாலும் குறையும், அந்தக் காவலைச் சற்றுத் தளர்த்தலாம். நாக்கின் முட்களும் கதகதப்பின் ஆசையும் வயதானாலும் மாறுவதில்லை. அதனால் நூல் டப்பாவும் மெஷின் கதவும் பூனை வாழும்வரை மூடியே இருக்க வேண்டும்.