ஒரு பானைச் சோறும் ஒரு மொழியின் சொல்லும்

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது நம் வீட்டு மூதாட்டியர் கண்ட முடிபு. பானையிலுள்ள அரிசி ஒன்று, நீர் ஒன்று, நெருப்பும் ஒன்று. ஆதலின் ஒரு பருக்கை வெந்தது கண்டு ஏனையவும் வெந்தன எனத் துணிகின்றனர். ஒரு மொழியின் சொல்வளத்தைச் சில நூல்களைக் கொண்டு அளக்கப் புகுவார்க்கும் இவ்விதி துணை செய்யுமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு மொழியில் எழுதப்பட்டவற்றுள்ளும் பேசப்பட்டவற்றுள்ளும் ஒரு பகுதியைத் தெரிந்தெடுத்து, எண்ணவும் ஆராயவும் இயலுமாறு கணிப்பொறியில் தொகுத்து வைத்ததனைத் தரவகம் என்பர். மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1990களில் தொகுத்த தமிழ்த் தரவகம் ஏறத்தாழ 30 இலட்சம் சொற்களை உடையது. இத்துணைப் பெரிய பானையில் தமிழ்ச் சொற்கள் எல்லாம் அகப்பட்டிருக்கும் என்றே எவரும் எண்ணுவர். அஃது அவ்வாறன்று என்பதற்குரிய காரணம் சொற்கள் வரும் முறையிலேயே அமைந்துள்ளது.

யாதானும் ஒரு பெரிய நூலை எடுத்து, ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை வருகின்றது என்று எண்ணி, மிகுதியாக வருவதனை முதலாகக் கொண்டு வரிசைப்படுத்துவோமாக. முதற்சொல் 1,000 முறை வருமாயின் இரண்டாவது ஏறத்தாழ 500 முறையும், பத்தாவது 100 முறையும், நூறாவது 10 முறையும் வரக் காண்போம். வரிசை எண்ணையும் வருகை எண்ணையும் பெருக்கினால் ஏறத்தாழ ஒரே தொகை கிடைக்கும். அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிப்ஃ என்பார் 1935இலும் 1949இலும் வெளியிட்ட நூல்களால் இது ஜிப்ஃ விதி எனப் பெயர் பெற்றது. எனினும், சுருக்கெழுத்துப் புலவராகிய பிரெஞ்சுக்காரர் எஸ்தூ 1916இலேயே இதனைக் கண்டிருந்தார். இயற்கை நூலாரின் விதிகளைப்போல இது இம்மியும் பிசகாததன்று. வரிசையின் இரு முனைகளிலும் சிறிது வழுவும்.

இவ்விதியினின்று பிறக்கும் முடிபொன்று வியப்புக்குரியது. மேற்காட்டிய நூலில் ஐந்நூறாவது சொல் 2 முறையும், ஆயிரமாவது சொல் 1 முறையும் வரும். ஆகவே இரண்டு முறையேனும் வருவன முதல் 500 சொற்களே. 501 முதல் 1,000 வரையுள்ளவை ஒரே முறை வருவன. அஃதாவது, நூலிலுள்ள வெவ்வேறு சொற்களுட் செம்பாதி ஒருமுறையே தலைகாட்டுவன. இவற்றை ஒருவரவுச் சொற்கள் என்று அழைப்போம்.

இது வெறுங் கணக்கோ, உண்மையோ எனின், ஷேக்ஸ்பியரின் நூல்களை எண்ணியோர் கண்டது காண்க. அவற்றிலுள்ள மொத்தச் சொற்கள் 8,84,647. வெவ்வேறு சொற்கள் 31,534. இவற்றுள் 14,376 சொற்கள் ஒருமுறையே வந்துள்ளன. நூற்றுக்கு 46 என்னும் இத்தொகை, விதி கூறும் 50க்கு அணித்தாயுள்ளது.

இவ்வொருவரவுச் சொற்கள் பயனற்ற எச்சங்கள் அல்ல. நாம் இன்னும் காணாதவற்றைப் பற்றிச் சான்று கூறுவன அவையே. ஆலன் டியூரிங்கின் கருத்தைத் தழுவி ஐ. ஜே. குட் என்பார் 1953இல் வெளியிட்ட முறைப்படி, ஒருவரவுச் சொற்களின் தொகையை மொத்தச் சொற்களின் தொகையால் வகுத்தால், அடுத்து வரும் சொல் இதுவரை காணாததாயிருக்கும் வாய்ப்புக் கிடைக்கும். ஷேக்ஸ்பியரிடத்து அது நூற்றுக்கு 1.6; ஆயிரம் சொல்லுக்கு 16. எட்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்களைப் படித்து முடித்த பின்னரும் அவரது புதிய பாடலொன்று கிடைக்குமாயின் அதில் புதுச்சொற்கள் இருக்கும் என்பது இதனால் அறியப்படும். 1985இல், அவர் இயற்றியதெனச் சிலர் கருதிய 429 சொற்கொண்ட பாடலொன்று வெளிப்பட்டது. கணக்குப்படி அதில் 7 புதுச்சொற்கள் இருத்தல் வேண்டும், இருந்தன 9. பாடல் அவருடையதுதானா என்பதனை இதுகொண்டு முடிவு செய்தல் இயலாது. அவ்வழக்கு இன்னும் தீரவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சாத்தான்குளத்தைச் சூழ்ந்த பனைவிளைகளில், பனையேறுவார் மரத்திற் சாய்த்து மிதித்தேறும் கட்டையை ‘முருக்குத்தடி’ என்பர். இச்சொல் எழுத்துத் தமிழில் 10 இலட்சம் சொல்லுக்கு ஒருமுறை வருவதாக வைத்துக்கொள்வோம். 30 இலட்சம் சொற்கொண்ட தரவகத்தில் மூன்று முறை வருதல் வேண்டும். ஒருமுறையேனும் வாராதொழியும் வாய்ப்பு நூற்றுக்கு 5 மட்டுமே. அச்சத்திற்கு இடமில்லை எனத் தோன்றும். ஆனால் அருஞ்சொற்கள் விதைத்த விதைபோலப் பரந்து கிடப்பன அல்ல. பனையைப்போலத் தோப்பாய் நிற்பன. பனைத்தொழிலைப் பற்றிய ஒரு கட்டுரையில் அச்சொல் பத்து முறை வரும். மற்றை நூல்களில் ஒருமுறையும் வாராது. அங்ஙனமாயின் ஒரு கோடிச் சொல்லுக்கு அத்தகைய கட்டுரை ஒன்றே உண்டு. 30 இலட்சத்தில் அக்கட்டுரை அகப்படாதொழியும் வாய்ப்பு நூற்றுக்கு 74 ஆகிவிடும். சொல் அதுவே, அது வழங்கும் அளவும் அதுவே. கிடக்கும் முறை வேறானமையால் விளைவு தலைகீழாயிற்று. தவறி அக்கட்டுரை அகப்பட்டுவிட்டாலோ, அச்சொல் பத்து முறை வந்து, தமிழர் யாவரும் நாள்தோறும் வழங்குவது போன்ற பொய்த்தோற்றம் தரும். ஆதலின் ஒரு சொல் எத்தனை முறை வந்தது என்று மட்டும் நோக்காது, எத்தனை நூல்களில் வந்தது என்றும் நோக்குதல் வேண்டும்.

இதனால் தொகுப்பார் கைக்கொள்ளத்தக்க நெறி விளங்கும். சில நூல்களை முழுதும் சேர்ப்பதினும், பல நூல்களினின்று சிறு சிறு பகுதிகளை எடுத்தல் நன்று. அமெரிக்காவில் 1960களில் ஆக்கப்பட்ட பிரௌன் தரவகம், ஏறத்தாழ 2,000 சொற்கொண்ட 500 பகுதிகளால் அமைந்ததற்கு ஏது இதுவே. அதனினும் அரிய தொழிற்சொற்களுக்குத் தொகையைப் பெருக்குதல் போதாது. பனைவிளைக்கும் உப்பளத்துக்கும் நேரே சென்று கேட்டுத் தனித்தொகுதி செய்தலே வழி.

தமிழுக்கு மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. ‘வீட்டை’ என்னும் ஒன்றே வருமொழிக்கேற்ப வீட்டைக், வீட்டைச், வீட்டைத், வீட்டைப் என வல்லொற்று மிக்கு வரும். எழுத்தளவில் எண்ணும் பொறி இவற்றை ஐந்து சொற்களாகக் கொள்ளும். வேற்றுமையும் பாலிட விகுதிகளும் சேருங்கால் ஒருவரவுச் சொற்கள் மேலும் பெருகும். அவற்றை வைத்துச் செய்யும் கணக்கும் பிழைபடும். ஆதலின் எண்ணத் தொடங்குமுன், எதனை ஒரு சொல்லாகக் கொண்டோம் என்பதனை வரையறுத்துக் கூறுதல் இன்றியமையாதது.

சோற்றுப் பானையில் ஒரு பருக்கை மற்றொன்றைப் போன்றது. சொற்பானையிலோ பாதிப் பருக்கைகள் தனித்தனி இயல்பின. எனவே ‘தரவகத்திற் காணோம், ஆகவே இது தமிழன்று’ என்று எவரேனும் கூறுவராயின், எத்தனை நூல்களினின்று தொகுத்தீர், அவற்றுள் ஒருவரவுச் சொற்கள் எத்தனை என்று இரண்டு கேள்விகளை அவரை நோக்கிக் கேட்டல் வேண்டும். அவற்றிற்கு விடை கிடைக்கும்வரை, பனையேறியின் வாய்ச்சொல்லைத் தமிழன்று எனத் தள்ளிவிடுதல் முறையாகாது.