பழைய கூரை பாரம் தாங்குமா?

மட்டக்களப்பு வாவியின் கரையோரமாகக் கல்லடியிலே எம் பெரியப்பா ஒருவரின் வீடு இருக்கின்றது. 1961ஆம் ஆண்டிற் கட்டப்பெற்றது. முன்பாகம் கள்ளிக்கோட்டை ஓடு வேய்ந்தது. பின்புறத்துச் சமையலறைக்கு மேல் நான்கு அங்குலக் கொங்கிறீட் தட்டு. அவருக்கு இரண்டு ஆசைகள் உண்டாயின. ஓட்டுக் கூரையின் மேற் பன்னிரண்டு சூரிய மின்தகடுகள் பொருத்தல் வேண்டும். கொங்கிறீட் தட்டின் மேல் ஆயிரம் லீற்றர் தண்ணீர்த் தாங்கி வைத்தல் வேண்டும். “தம்பி, 1978ஆம் ஆண்டுச் சூறாவளியையே தாங்கிய வீடு, இதைத் தாங்காதா?” என்று எம்மைக் கேட்டார். அக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தபோது நாம் கண்டவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

முதலிலே இரு பாரங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒரு தகடு ஏறத்தாழ இரண்டு சதுர மீற்றர் பரப்பும் இருபத்திரண்டு கிலோ நிறையும் உடையது. தாங்குசட்டங்களையும் சேர்த்தாற் சதுர மீற்றருக்குப் பதினைந்து கிலோவுக்கு மேற்படாது. தண்ணீரோ லீற்றருக்கு ஒரு கிலோ. ஆயிரம் லீற்றர் தாங்கி நிரம்பினால் ஒரு தொன்னுக்குச் சற்று மேலான பாரம், ஏறத்தாழ ஒரு சதுர மீற்றர் இடத்திலே குந்திக்கொள்கின்றது. மனிதர் ஏறி நடமாடும் கொங்கிறீட் கூரைக்குப் பொறியியலார் வழக்கமாகக் கணக்கிடும் மேற்பாரம் சதுர மீற்றருக்கு 150 கிலோவே. தாங்கி தன் அடியிலே அதனைப் போல் ஏழு மடங்கு அழுத்துகின்றது. ஆகவே இரண்டையும் ஒரே கேள்வியாக வைத்துப் பார்த்தல் தவறு.

கூரையின் மரங்களைப் பார்க்க வயது முதிர்ந்த தச்சர் ஒருவரை அழைத்துச் சென்றோம். அவர் கூரையின் கீழிறக்கத்திலிருந்து முகடு வரை ஒவ்வொரு கைமரத்தின் கீழும் நூல் பிடித்தார். மூன்று மீற்றர் நீளத்திலே நடுவிற் பெரும்பாலானவை ஒரு சென்றிமீற்றர் அளவே வளைந்திருந்தன. அறுபது ஆண்டு பாரம் சுமந்த மரத்திற்கு அவ்வளவு வளைவு இயல்பே. இரண்டு மட்டும் மூன்று சென்றிமீற்றர் தாழ்ந்திருந்தன. அடுத்த மரங்களினின்றும் வேறுபட்டுத் தாழ்ந்த மரமே ஐயத்திற்குரியது.

பின்னர் சுவரின் மேல் கைமரம் அமர்ந்திருக்கும் முனையைக் கூரிய குத்தூசியாற் குத்திப் பார்த்தார். மழைநீர் கசிந்து தங்குவதும் கறையான் ஏறுவதும் அங்கேதான். நல்ல மரத்திலே ஊசிமுனை மாத்திரம் இறங்கும். தட்டினாற் கணீரென்று ஒலிக்கும். தாழ்ந்திருந்த இரண்டிலும் ஊசி தடையின்றி உட்சென்றது, ஒலியும் பொத்தென்றது.

மாணவர்கள் இவ்விடத்தில் ஒரு சிறு கணக்குச் செய்து பார்க்கலாம். வளைவை எதிர்க்கும் மரத்தின் வலிமை, அதன் அகலத்தை உயரத்தின் வர்க்கத்தாற் பெருக்கிய அளவிற்கேற்ப அமைவது. ஐந்து சென்றிமீற்றர் அகலமும் பத்துச் சென்றிமீற்றர் உயரமும் உள்ள கைமரத்திற்கு அது 500. நாற்புறமும் ஒரு சென்றிமீற்றர் கறையான் அரித்துவிட்டால் அகலம் மூன்று, உயரம் எட்டு, பெருக்கம் 192. மரம் பார்வைக்குச் சற்று மெலிந்ததுபோலத் தோன்றும். வலிமையோ நாற்பது வீதத்திற்கும் கீழே போய்விடும். மாரியில் நனைந்த ஓடும் மரமும் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ அறுபது கிலோ. தகடுகளுடன் எழுபத்தைந்து. கால்பங்கு கூடிய இப்பாரத்தை நல்ல கைமரம் தாங்கும். அரிபட்ட மரம் தாங்காது. இரண்டையும் மாற்றும்படி சொன்னோம்.

ஆனாற் தச்சர் இறங்கி வந்தபின் கூறியதே எம்மைச் சிந்திக்க வைத்தது. “ஐயா, தகடு கூரையை அமுக்கும் என்று பயப்பட வேண்டாம், காற்று வந்தால் தூக்கும் என்று பயப்படுங்கள்” என்றார்.

அது முற்றிலும் உண்மை. மணிக்கு 144 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று சதுர மீற்றருக்கு நூறு கிலோ அளவான அழுத்தத்தைத் தரவல்லது. கூரைமேல் ஓடும்போது அது மேல்நோக்கி உறிஞ்சவும் செய்யும். அவ்வழுத்தத்திற் பாதியே உறிஞ்சினாலும் இருபத்துநான்கு சதுர மீற்றர் தகடுகளை 1,200 கிலோ விசை மேலே இழுக்கும். தகடுகளின் சொந்த நிறையோ சட்டங்களுடன் 360 கிலோவுக்கு மேற்படாது.

1978 நவம்பர் 23இல் வந்த சூறாவளியிலே பெரியப்பாவின் வீடு எவ்வாறு பிழைத்தது? ஓடுகள் பறந்தன, காற்றுக்கு வழி விட்டன, மரங்கள் நின்றன. தகடுகளைக் கைமரத்துடன் முறுக்காணியாற் பிணைத்துவிட்டால் அவ்வழி அடைபடும். இழுவிசை கைமரத்திற்கும், அதிலிருந்து சுவருக்கும் செல்லும். பழைய வீடுகள் பலவற்றில் கைமரம் சுவர்வளைமேல் ஓர் ஆணியுடன் நிற்கின்றது; சுவர்வளையோ தன் பாரத்தினாலேயே சுவரில் இருக்கின்றது. எனவே தகடு ஏற்றுமுன் கைமரத்தைச் சுவர்வளையோடும், சுவர்வளையைச் சுவரோடும் துருப்பிடியாத இரும்புப் பட்டிகளாற் கட்டுதல் வேண்டும். கொளுவிகளைக் கைமரத்திலேயே இறுக்குதல் வேண்டும்; மெல்லிய ரீப்பையில் இறுக்குதல் ஆகாது. காற்று மிகக் கடுமையாக உறிஞ்சுவது கூரையின் விளிம்பிலாதலின் அங்கே அரை மீற்றரேனும் வெறுமையாக விடுதல் நன்று.

இனித் தாங்கியின் கதை. சமையலறைத் தட்டின் அடிப்புறத்திலே கபில நிறக் கறைகள் நேர்கோடாக ஓடின. அவற்றினூடே மெல்லிய வெடிப்புகள். சுத்தியலால் மெல்லத் தட்டியபோது சில இடங்கள் பொள்ளென ஒலித்தன. உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்ததற்கு இவை அடையாளங்கள். துரு, தான் உண்ட இரும்பினும் பன்மடங்கு இடம் கொள்வது; ஆகவே கொங்கிறீட்டைக் கீழே தள்ளிப் பிளக்கின்றது.

எம் மாணவர் ஒருவர் ஆய்வுகூடத்துப் பினோப்தலீன் கரைசலைக் கொண்டுவந்தார். புதிதாக உடைத்த கொங்கிறீட்டில் அதனைத் தெளித்தால், காரத்தன்மை நிலைத்திருக்கும் இடம் இளஞ்சிவப்பாகும். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டினாற் காரம் இழந்த இடம் நிறம் மாறாது. நாம் தெளித்த இடம் சிவந்தது. மாணவர் மகிழ்ந்தார், ஆயினும் அம்மகிழ்ச்சி பொருந்தாது. கடற்காற்றும் உவர்நீரும் உள்ள எம் பிரதேசத்திலே கம்பியை அரிப்பது பெரும்பாலும் உப்பு. உப்பு புகுந்த கொங்கிறீட்டும் சிவந்தே காட்டும். ஆகவே நிறம் மாறாவிடிற் கேடு உறுதி. சிவந்தால் நலம் உறுதியன்று.

“சிறிது சிறிதாக நிரப்பிப் பார்ப்போமே” என்றார் பெரியப்பா. அதனை நாம் தடுத்தோம். இன்று தாங்கியது துரு வளர்ந்த மறு ஆண்டிலும் தாங்கும் என்பதற்கு அச்சோதனை சான்றாகாது. இன்றே தாங்காவிட்டால் அடியிலே நிற்பவர்க்கு எச்சரிக்கையும் கிடையாது. தட்டு பழுதற்றதாயிருப்பினும் தாங்கியை அதன் நடுவில் வைத்தலாகாது. ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு இரும்பு வளை போட்டு, பாரத்தைச் சுவர்களுக்கே கொடுத்தல் வேண்டும். சுவருக்கு வெளியே நீட்டிய தட்டில் வைத்தலோ ஒருபோதும் ஆகாது. தட்டினுள் எத்தனை கம்பி எங்கே கிடக்கின்றது என்பதை எம் கண்ணாற் காணவியலாது. கருவியால் அறியும் பொறியியலாளரையே அதற்கு அழைத்தல் வேண்டும்.

முடிவிலே இரண்டு கைமரங்கள் மாற்றப்பட்டு, பட்டிகள் கட்டப்பட்டபின் தகடுகள் கூரையேறின. தாங்கி கிணற்றடியிலே, தனக்கெனத் தனி அத்திவாரம் இட்ட நான்கு தூண்களின் மேல் நிற்கின்றது. சமையலறைத் தட்டின் பழுதைத் திருத்தும்வரை அதன்மேல் எவரும் ஏறுவதில்லை. தாங்கி வைக்கவென்று பார்க்கப் போயிராவிடில், அத்தட்டின் கீழேதான் பெரியம்மா நாள்தோறும் அடுப்பெரித்துக்கொண்டிருந்திருப்பார்.